டெஸ்மோபிரெசின் மாத்திரையும் இரவுத் தண்ணீரும்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, எடை 32 கிலோ. இன்னும் அநேகமாக எல்லா இரவும் படுக்கையை நனைத்துவிடுகிறான். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. மருத்துவர் டெஸ்மோபிரெசின் 0.2 மி.கி. எழுதிக் கொடுத்து, "ராத்திரி தண்ணி குறைச்சுக் கொடுங்க" என்று மட்டும் சொன்னார். இந்த மாத்திரையால் உடம்பில் உப்பு குறைந்து வலிப்பு வரும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா? எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாம்? மாலையில் கால்பந்து ஆடிவிட்டு வருகிறவனிடம் தண்ணீர் குடிக்காதே என்று எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் இரண்டு நாள் பள்ளிச் சுற்றுலாவும் இருக்கிறது.

பதில்:

உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை. டெஸ்மோபிரெசின் சாப்பிட்ட குழந்தைகளுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வந்திருக்கிறது, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த மாத்திரை தானாக உப்பைக் குறைப்பதில்லை. மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் குடிக்கப்படும் தண்ணீர்தான் குறைக்கிறது. எனவே உங்கள் மருத்துவர் எழுதிய மாத்திரையைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் "தண்ணி குறைச்சுக் கொடுங்க" என்ற ஒற்றை வரி போதாது. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எவ்வளவு, எந்த இரவுகளில் மாத்திரையையே விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகள் நல மருத்துவராக இந்த மாத்திரையை நானும் எழுதித் தருகிறேன். மாத்திரையைப் பற்றிப் பேசுவதைவிடத் தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கே எனக்கு அதிக நேரம் செலவாகும்.

நம் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் திரும்ப உடலுக்குள் இழுத்துக்கொள்ளச் செய்வது அதன் வேலை. பெரும்பாலானவர்களுக்கு அது இரவில் கூடுதலாகச் சுரப்பதால்தான் எட்டு மணி நேரம் எழாமல் தூங்க முடிகிறது. படுக்கையை நனைக்கும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இந்த இரவு உயர்வு சரியாக நிகழ்வதில்லை என்பதை டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர ஆய்வாளர்கள் 1980-களில் காட்டினார்கள். அந்தக் குழந்தைகளின் சிறுநீர்ப்பை நன்றாகத்தான் இருக்கிறது. அது கொள்ளும் அளவுக்கு மேல் சிறுநீர் உற்பத்தியாகிறது, தூக்கமும் ஆழமாக இருக்கிறது, அவ்வளவுதான். டெஸ்மோபிரெசின் அந்த ஹார்மோனின் செயற்கை வடிவம். அது நோயைக் குணப்படுத்துவதில்லை; சாப்பிட்ட அந்த ஓர் இரவுக்கு மட்டும் சிறுநீரைக் குறைக்கிறது.

உங்கள் மகன் அந்த வகைதானா என்பதை வீட்டிலேயே ஓரளவு கணித்துவிடலாம். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் அந்த வயதில் சிறுநீர்ப்பை கொள்ள வேண்டிய அளவு கிடைக்கும். அவனுக்கு அது 360 மில்லிலிட்டர். இரவு முழுவதும் உற்பத்தியாகும் சிறுநீர் இதைவிட 30 சதவீதம் கூடினால், அதாவது ஏறத்தாழ 470 மில்லிலிட்டரைத் தாண்டினால், இரவில் அவனுக்கு மிகையாகச் சிறுநீர் ஊறுகிறது என்று பொருள். ஒரு டயப்பரைக் காய்ந்த நிலையில் எடை பார்த்துக் கட்டிவிட்டு, காலையில் மறுபடி எடை போடுங்கள். கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமையும் ஒரு மில்லிலிட்டராக எண்ணி, காலையில் எழுந்ததும் கழிக்கும் சிறுநீரையும் அளந்து சேருங்கள். இப்படி நான்கைந்து இரவுகள் பார்த்தால் போதும். பதினொரு வயதுப் பையன் டயப்பர் கட்டக் கூச்சப்படுவான் என்பது எனக்குத் தெரியும். அவன் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அளவு அதிகம் என்று தெரிந்தால் இந்த மாத்திரை அவனுக்கு நன்றாக வேலை செய்ய வாய்ப்புண்டு. அளவு சாதாரணமாக இருந்தும் நனைகிறான் என்றால், நனைந்தவுடன் ஒலித்து எழுப்பும் அலாரக் கருவியே அவனுக்கு ஏற்றது என்று மருத்துவரிடம் பேசலாம். மலச்சிக்கல், குறட்டை, அண்மையில் திடீரென்று கூடிய தாகம் ஆகியவை இருந்தால் அதையும் முதலில் சொல்லிவிடுங்கள். தாகம் கூடியிருந்தால் சர்க்கரை நோய் இல்லை என்று உறுதி செய்யாமல் இந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது.

இப்போது நீங்கள் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

உங்கள் மகனின் 32 கிலோவில் ஏறத்தாழ 60 சதவீதம், அதாவது 19 லிட்டர், தண்ணீர். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும்; அவனுக்கு 140 என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை இல்லாத ஒரு நாளில் அவன் ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாலும் பயமில்லை. உடல் உடனே வாசோபிரெசினை நிறுத்திவிடும். சிறுநீரகம் கூடுதல் நீரைச் சில மணி நேரத்துக்குள் நிறமற்ற சிறுநீராக வெளியே தள்ளிவிடும். மாத்திரை சாப்பிட்ட இரவில் இந்த வாசல் அடைபட்டிருக்கும். உடல் தன் ஹார்மோனை நிறுத்தினாலும், மாத்திரை அதன் இடத்தில் நின்று "தண்ணீரை விடாதே" என்று சிறுநீரகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மணிக்கு 20, 30 மில்லிலிட்டர் அளவுக்கு அடர்ந்த சிறுநீர்தான் வரும். மூச்சிலும் வியர்வையிலும் போவது போக மீதி எல்லாம் உள்ளேயே தங்கும்.

அப்படி ஒரு லிட்டர் தங்கினால், 19 லிட்டரில் கரைந்திருந்த அதே சோடியம் இப்போது 20 லிட்டரில் பரவுகிறது. அளவு 133-க்கு இறங்கும். ஒன்றரை லிட்டர் தங்கினால் 130. இரண்டு லிட்டர் தங்கினால் 127. உண்மையில் இதைவிடவும் இறங்கலாம்; ஏனெனில் உடல் நீரால் ஊதியிருக்கும்போது சிறுநீரகம் உப்பையும் சேர்த்து வெளியே விடுகிறது. 20 கிலோ எடையுள்ள சிறு குழந்தைக்கு இந்தச் சரிவு ஏற்பட இதைவிடக் குறைந்த தண்ணீரே போதும். சோடியம் 125-க்குக் கீழே, அதுவும் சில மணி நேரத்துக்குள் வேகமாகப் போகும்போது, நீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மூளை விரிய மண்டையோட்டுக்குள் இடமில்லை. அதனால்தான் முதலில் தலைவலியும் வாந்தியும், பிறகு குழப்பமும், கடைசியில் வலிப்பும் வருகின்றன.

வலிப்பு வந்த குழந்தைகளின் கதையைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே சாயல்தான் இருக்கும். வழக்கத்துக்கு மாறான ஏதோ ஒரு நாள், வழக்கத்துக்கு மாறான அளவு தண்ணீர், ஆனால் மாத்திரை மட்டும் வழக்கம்போல. கல்யாண வீட்டில் ஜூஸும் ஐஸ்கிரீமும் பாயசமும் சாப்பிட்டுவிட்டு வந்த இரவு, வயிற்றுப்போக்குக்கு ஓயாமல் நீர் கொடுத்த இரவு, நீச்சல் குளத்தில் விளையாடும்போது தண்ணீரை விழுங்கிவிட்டு வந்த இரவு. உங்கள் மகனின் கால்பந்தும் இதில் சேரும் என்பதால்தான் நீங்கள் அதைக் கேட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாலை நேரத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று பார்ப்போம். விதி இதுதான்: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து, மாத்திரைக்குப் பிறகு எட்டு மணி நேரம் வரை, தாகம் தணியும் அளவுக்குச் சில மிடறுகள் மட்டும், இந்த ஒன்பது மணி நேரத்துக்கும் சேர்த்து 200 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் வீட்டு டம்ளரை ஒருமுறை அளந்து பாருங்கள். சில எவர்சில்வர் டம்ளர்கள் 150 கொள்ளும், சில 250 கொள்ளும். "ஒரே ஒரு டம்ளர்" என்று ஆளுக்கு ஓர் அளவை வைத்துக்கொள்வதில்தான் பிழை நேர்கிறது.

மகன் பத்து மணிக்குத் தூங்குகிறான் என்றால் ஒன்பது மணிக்கு மாத்திரை. அப்படியானால் எட்டு மணியோடு தண்ணீர் நின்றுவிட வேண்டும். இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்கு முடித்துவிடுவது இரண்டு வகையில் நல்லது. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் இந்த மாத்திரை ரத்தத்தில் சேர்வது கணிசமாகக் குறையும், "0.2 கொடுத்தும் பலனே இல்லை" என்று வரும் பெற்றோரில் பலர், ஒன்பதரை மணிக்குத் தோசையோடு சேர்த்து மாத்திரையையும் கொடுத்தவர்களாகவே இருப்பார்கள். இன்னொன்று, நம் சாப்பாட்டில் ஒளிந்திருக்கும் நீர். ரசம் சோறு, மோர், கஞ்சி, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், வெயில் காலத்தில் தர்பூசணி ஆகியவற்றை யாரும் "தண்ணீர்" என்று எண்ணுவதில்லை. சிறுநீரகத்துக்கு அவை எல்லாம் தண்ணீர்தான். பால் கட்டாயம் வேண்டும் என்றால் அதை மாலை ஐந்து மணிக்கு மாற்றுங்கள். மாத்திரை நாள்களில் இரவுக்கு இட்லி, சப்பாத்தி, கெட்டியான குழம்பு போதும். மாத்திரையை விழுங்க இரண்டு மிடறு தண்ணீர் போதும்.

தண்ணீரைக் குறைப்பது என்பது இரவுக்கு மட்டும்; பகலில் கூட்ட வேண்டும். இந்த வயதுப் பையன் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டேகால் லிட்டர் வரை குடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் விளையாடும் பையனுக்கு அதற்கும் மேலாகவே தேவைப்படும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் பகல் முழுவதும் குடிக்காமலேயே இருந்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பைக் காலி செய்யும் குழந்தைகள் எத்தனையோ பேர். உங்கள் மகனின் தண்ணீர் பாட்டில் எவ்வளவு காலியாகி வீட்டுக்குத் திரும்புகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். பகலில் ஒழுங்காகக் குடித்த குழந்தைக்கு எட்டு மணிக்கு மேல் பெரிய தாகம் இருக்காது. மாலை விதியைச் சண்டையில்லாமல் நடத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

கால்பந்து நாள்களில் ஆட்டத்துக்கு முன்பும் இடையிலும் குடிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஏழரை மணிக்குள் தாகம் தீரும் வரை குடிக்கட்டும். வியர்த்து வந்த பிள்ளைக்குத் தண்ணீரை மறுக்கவே கூடாது. எட்டு மணிக்குப் பிறகும் அவன் தாகம் அடங்கவில்லை என்றால், அல்லது ஆட்டம் முடிந்து அவன் வருவதே எட்டு மணி என்றால், தண்ணீரைக் கொடுங்கள், மாத்திரையை விட்டுவிடுங்கள். கடும் உடற்பயிற்சியின்போது உடலின் சொந்த வாசோபிரெசினும் கூடுகிறது என்பதால், அந்த இரவுகளில் சிறுநீரகத்தின் வாசல் ஏற்கெனவே பாதி மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓர் இரவு மாத்திரையை விட்டால் நேரக்கூடியது ஒரு நனைந்த படுக்கை மட்டுமே. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவதால் உடலுக்கு எந்தக் கேடும் இல்லை.

மாத்திரை சாப்பிடும்போது ஒரு முறையும், விளக்கணைக்கும் முன் ஒரு முறையும் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். காலையில் கண் விழித்ததும் வெறும் வயிற்றில் ஒரு பெரிய செம்பு தண்ணீர் குடிக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், மகனுக்கு மட்டும் அதைத் தள்ளிப் போடுங்கள். முதலில் அவன் சிறுநீர் கழிக்கட்டும், எட்டு மணி நேரம் முடியட்டும், பிறகு சிறிது சிறிதாகக் குடிக்கலாம். இரவு மாத்திரையை மறந்துவிட்டு நள்ளிரவு ஒரு மணிக்கு நினைவு வந்தால், எழுப்பிக் கொடுக்க வேண்டாம். அதன் வேலை பள்ளிக்குப் போகும் நேரம் வரை நீளும், அவனோ அப்போது தண்ணீர் குடிப்பான். மறுநாள் இரண்டு மாத்திரையாகக் கொடுப்பதும் கூடாது.

அளவைப் பற்றி. குழந்தைகளுக்கான பெரும்பாலான மருந்துகளைப் போல இதை எடைக்கு ஏற்பக் கணக்கிடுவதில்லை. 0.2 மி.கி. மாத்திரை ஒன்றில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரம் பார்த்து, போதவில்லை என்றால் மருத்துவர் 0.4 ஆக உயர்த்துவார். அமெரிக்காவில் 0.6 வரை அனுமதி உண்டு, ஆனால் 0.4-ஐத் தாண்டுவதை நான் விரும்புவதில்லை. அளவு கூடக் கூட மருந்து வேலை செய்யும் நேரம் நீள்கிறது. எட்டு மணி நேரம் என்பது பத்து, பன்னிரண்டு என்று காலைக்குள் நுழைந்துவிடும். பலன் இருக்கிறதா என்பதை முழுக்கக் காய்ந்த இரவுகளை மட்டும் எண்ணிப் பார்க்காதீர்கள். நனையும் வட்டம் சிறிதாகிறதா, இரண்டு முறை ஒரு முறையாகிறதா, பதினொரு மணிக்கு நனைந்தது விடியற்காலைக்குத் தள்ளிப் போகிறதா என்பவையும் பலன்தான். நான்கு வாரத்தில் இப்படி எந்த மாற்றமும் இல்லை என்றால் தொடர்வதில் பயனில்லை.

நாக்கின் அடியில் வைத்தால் கரையும் வகை ஒன்றும் உண்டு. அதில் 120 மைக்ரோகிராம் என்று எழுதியிருக்கும், அது 0.2 மி.கி. மாத்திரைக்கு, அதாவது 200 மைக்ரோகிராமுக்கு, இணையான அளவு. அதை விழுங்கத் தண்ணீரே வேண்டாம் என்பது ஒரு வசதி. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும்போது எண்ணைப் பார்த்து நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மருந்துக் கடையில் மாத்திரை இல்லை என்று மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயைக் கொடுத்தால் வாங்காதீர்கள். இதைச் சற்று விளக்கிச் சொல்வது அவசியம். மாத்திரையாக விழுங்கும் டெஸ்மோபிரெசினில் ஒரு சதவீதத்தில் ஒரு சிறு பகுதிதான் ரத்தத்தில் சேரும். மூக்கு வழியே மூன்று முதல் ஐந்து சதவீதம் சேரும். அதனால் ஸ்பிரேயின் வழக்கமான 20 மைக்ரோகிராம், மாத்திரை அளவில் பத்தில் ஒரு பங்கே என்றாலும், ரத்தத்துக்குள் அது தரும் மருந்து கூடுதல். அது நீண்ட நேரம் நீடிக்கும், சளி பிடித்திருந்தால் ஒரு மாதிரியும் இல்லாவிட்டால் வேறு மாதிரியும் உறிஞ்சப்படும், விளையாட்டாக இன்னொரு முறை அழுத்திவிடுவதும் எளிது. 2007-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், டெஸ்மோபிரெசினோடு தொடர்புடைய, சோடியம் குறைந்து வலிப்பு வந்த 61 நிகழ்வுகளை ஆராய்ந்தது. அவற்றில் 36 ஸ்பிரே எடுத்தவர்களுக்கு நேர்ந்தவை. அந்த 36 பேரில் 25 பேர் 17 வயதுக்கு உட்பட்டவர்கள். மொத்தம் 61 பேரில் இரண்டு பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் படுக்கை நனைத்தலுக்கு ஸ்பிரேயைப் பயன்படுத்தும் அனுமதியை நீக்கிவிட்டன. வேறு நோய்களுக்கு அந்த ஸ்பிரே தேவைப்படுகிறது. உங்கள் மகனுக்குத் தேவையில்லை.

சில இரவுகளில் மாத்திரையே கூடாது. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, அம்மை என்று எதுவாக இருந்தாலும், நீர் அதிகம் கொடுக்க வேண்டிய நோய் வந்தவுடன் நிறுத்திவிடுங்கள். சாதாரணமாகச் சாப்பிட்டுக் குடிக்கும் நிலைக்குத் திரும்பி ஒரு நாள் கழிந்ததும் தொடரலாம். காய்ச்சல் நாள்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐபுபுரோஃபென் கலந்த சிரப்பும் மாத்திரையும் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைப்பதைக் கூட்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் லோபெரமைடு, டெஸ்மோபிரெசின் ரத்தத்தில் சேர்வதைப் பல மடங்கு உயர்த்தும். வலிப்பு நோய்க்கான கார்பமசிபின், ஆக்ஸ்கார்பசிபின், மனச்சோர்வுக்கான பல மாத்திரைகள், படுக்கை நனைத்தலுக்கே முன்பு அதிகம் எழுதப்பட்ட இமிப்ரமின் ஆகியவையும் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. இவற்றில் ஏதாவது அவனுக்குப் போய்க்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ள குழந்தைக்கும், காரணமின்றி எப்போதும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும் குழந்தைக்கும் இந்த மருந்து ஏற்றதல்ல.

நன்றாக இருக்கும் குழந்தைக்கு அடிக்கடி ரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டியதில்லை. நேற்று 139 என்று வந்த அறிக்கை, இன்று இரவு அவன் இரண்டு லிட்டர் குடித்தால் அவனைக் காக்காது. அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருப்பதே பயன். மாத்திரை சாப்பிட்ட இரவிலோ மறுநாள் காலையிலோ தலைவலி, குமட்டல், வாந்தி, வழக்கத்துக்கு மாறான சோர்வு, முகம் உப்பியிருத்தல், கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், தள்ளாட்டம் ஆகியவற்றில் எது இருந்தாலும், வேறு காரணம் உறுதியாகும் வரை அது சோடியம் குறைவுதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் எடைக் கருவி இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். இரவு தூங்கி எழுந்த குழந்தையின் எடை சில நூறு கிராம் குறைந்திருப்பதே இயல்பு; படுக்கும்போது இருந்ததைவிடக் கூடியிருந்தால் இரவில் யாருக்கும் தெரியாமல் குடித்திருக்கிறான் என்று பொருள், குறையவே இல்லை என்றாலும் சந்தேகப்படலாம். ஆனால் எடை பார்ப்பதற்காக மருத்துவமனைப் பயணத்தைத் தாமதப்படுத்த வேண்டாம்.

இந்த இடத்தில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தவறு குழந்தையை ஆபத்தில் தள்ளுகிறது. வாந்தி எடுக்கிறான், "உப்பு குறைஞ்சிருக்கு" என்று யாரோ சொல்கிறார்கள், உடனே ஓ.ஆர்.எஸ். கரைசலையோ இளநீரையோ கரைத்தும் வெட்டியும் கொடுக்கிறார்கள். இங்கே உப்பு தொலைந்து போகவில்லை, தண்ணீர் மிகுந்து போயிருக்கிறது. ஓ.ஆர்.எஸ். கரைசலில் சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோல்தான். ரத்தத்தில் இருக்க வேண்டியதில் ஏறத்தாழ பாதி. இளநீரில் அதைவிடவும் மிகக் குறைவு. சிறுநீரகம் மூடியிருக்கும்போது இவற்றைக் கொடுத்தால் சோடியம் மேலும் இறங்கும். சாப்பாட்டில் உப்பைக் கூட்டிப் போட்டால் இதைத் தடுத்துவிடலாம் என்பதும் சரியல்ல; உப்பு தாகத்தைத் தூண்டி இன்னும் குடிக்கவைக்கும். எனவே அறிகுறி தெரிந்தால் வாய் வழியாக எதுவும் கொடுக்காமல், அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, நேராக ரத்தப் பரிசோதனை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக, "டெஸ்மோபிரெசின் சாப்பிட்டிருக்கிறான், இத்தனை மணிக்கு, இவ்வளவு தண்ணீர் குடித்தான்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால், வாந்தி எடுக்கும் குழந்தை என்று சாதாரண குளுக்கோஸ் டிரிப் ஏற்றிவிடக்கூடும். அது மேலும் தண்ணீர் ஏற்றுவதற்குச் சமம்.

வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் 3 சதவீத உப்புக் கரைசலைச் சிறிய அளவில், சில நிமிடங்களுக்குள் ஏற்றுவார்கள்; வலிப்பை நிறுத்த சோடியம் நான்கைந்து புள்ளி ஏறினாலே பெரும்பாலும் போதும். அதன் பிறகு சில மணி நேரத்தில் மாத்திரையின் வேலை முடிந்து, குழந்தை குடம் குடமாக நிறமற்ற சிறுநீர் கழிக்கத் தொடங்குவான். பெற்றோருக்கு அது நல்ல அறிகுறியாகத் தெரியும். ஆனால் அப்போது சோடியம் அளவுக்கு மீறிய வேகத்தில் ஏறிவிடலாம் என்பதால் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். "சரியாகிவிட்டதே, வீட்டுக்குப் போகலாம்" என்று அவசரப்படாதீர்கள்.

சுற்றுலாவுக்காக மட்டும் முதல் முறையாக இதைக் கொடுப்பது எனக்கு ஒப்புதலில்லை. இன்னும் ஒரு மாதம் இருப்பதால் இப்போதே தொடங்கி, அவனுக்கு எந்த அளவு பொருந்துகிறது, மாலை விதியை அவனால் கடைப்பிடிக்க முடிகிறதா என்பதை வீட்டில் பார்த்துவிடுங்கள். பதினொரு வயதுப் பையனுக்கு மேலே உள்ள கணக்கை நேரடியாகவே சொல்லிப் புரியவைக்கலாம். "தண்ணீர் குடித்தால் நனைத்துவிடுவாய்" என்று சொல்லாதீர்கள், "மாத்திரைக்குப் பிறகு குடித்தால் தண்ணீர் வெளியே போகாது, தலைவலி வரும்" என்று உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். முதல் காரணத்தைக் கேட்டவன் வெட்கப்பட்டு ஒளிந்து குடிப்பான், இரண்டாவதைக் கேட்டவன் குடித்துவிட்டால் வந்து சொல்வான்.

பயணத்தின்போது நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியரிடம் தனியாகப் பேசி, எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு மேல் தண்ணீரோ குளிர்பானமோ கூடாது, தலைவலியோ வாந்தியோ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். இரண்டே இரண்டு மாத்திரைகளை மட்டும் கொடுத்தனுப்புங்கள். நீர்விளையாட்டுப் பூங்காவோ நீச்சலோ இருக்கும் நாளின் இரவிலும், பேருந்தில் வெயிலில் அலைந்து பாட்டில் பாட்டிலாகக் குடித்த நாளின் இரவிலும் மாத்திரை வேண்டாம் என்பதை அந்தச் சீட்டில் முதல் வரியாக எழுதுங்கள். அந்த இரவுக்காக, பைஜாமாவுக்கு உள்ளே வெளியே தெரியாமல் அணியும் உறிஞ்சும் உள்ளாடை இரண்டை அவன் பையின் அடியில் வைத்துவிடுங்கள்.

பலன் தெரிந்து தொடர்ந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். அந்த வாரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் மறுபடி நனைப்பார்கள். மருந்து தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, இன்னும் தேவைப்படுகிறது என்றுதான் அர்த்தம். அந்த ஏழு நாளும் காய்ந்தே இருந்தால் மீண்டும் தொடங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.